அகலத் திரையிலிருந்து உள்ளங்கைக்கு

நம் சங்கத்தின் சென்ற மகாசபைக் கூட்டத்தில், புதிய நெசவுக் கூலி விகிதங்கள் திரையில் காட்டி விளக்கப்பட்டன. மண்டபச் சுவரில் பத்தடி அகலத்திற்கு விரிந்திருந்த அந்த அட்டவணையைக் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவர்களும் தடையின்றிப் படித்தனர். கூட்டத்திற்கு வர இயலாத அங்கத்தினர்களுக்கும் செய்தி எட்டவேண்டும் என்னும் எண்ணத்தால், அன்று மாலையே அந்த ஸ்லைடுகளைச் சதுர வடிவிற்கு மாற்றி, வாட்ஸ்அப் குழுவிற்கு அனுப்பிவைத்தோம்.

மூன்றாம் நாள் காலையில் முதிய நெசவாளர் ஒருவர் கைப்பேசியும் கையுமாக அலுவலகத்திற்கு வந்தார். "கூலி உயர்ந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள், தம்பி, இதிலே பழைய கூலிதானே போட்டிருக்கிறது?" என்று கேட்டார். அவர் காட்டிய படத்தைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உண்மை விளங்கிற்று. அட்டவணையில் ஆறு பத்திகள் இருந்தன: வரிசை எண், துணியின் பெயர், நூல் நம்பர், அளவு, பழைய கூலி, புதிய கூலி. சதுரமாக்கியபோது இருபுறமும் வெட்டுண்டு, இடப்புறத்தில் வரிசை எண்ணும் துணிப் பெயர்களின் முதலெழுத்துகளும் போயிருந்தன. வலப்புறத்தில் புதிய கூலி என்னும் பத்தியே போயிருந்தது. எந்தச் செய்திக்காகப் படத்தை அனுப்பினோமோ, அந்தச் செய்தி மட்டும் படத்தில் இல்லை.

பிழை நம்முடையதே. அதைத் திருத்த முற்பட்டபோது, அகன்ற ஸ்லைடைக் கைப்பேசிக்கு ஏற்றவாறு மாற்றுவது வெட்டும் வேலையன்று, மறுபடி பாவு ஓட்டும் வேலை என்பதைக் கண்டோம். பல சங்கங்களும் இன்று இவ்வேலையைச் செய்துவருகின்றன. ஆதலின் நாம் கற்றுக்கொண்டதை இங்கே முறையாக எடுத்துரைக்கிறோம்.

கைப்பேசி தருவது நீளமே

கூட்டத்தில் காட்டும் ஸ்லைடு 16-க்கு 9 என்னும் விகிதத்தில் அமைந்தது. பவர்பாயிண்ட்டில் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இதுவே இயல்பான அளவு. அதன் அகலம் 13.33 அங்குலம், அதாவது ஏறத்தாழ 34 சென்டிமீட்டர், உயரம் 7.5 அங்குலம். சாதாரணக் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தால் அதன் திரையின் அகலமோ 7 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 34 சென்டிமீட்டர் அகலமுள்ள ஸ்லைடு, கைப்பேசியில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அட்டவணையில் நாம் 20 பாயிண்ட் அளவில் அடித்த எழுத்து, அங்கத்தினரின் கண்ணுக்கு 4 பாயிண்ட்டாகவே தெரியும். நாளிதழில் செய்தி அச்சிடும் எழுத்து சுமார் 9 பாயிண்ட் இருக்கும் என்றால், நம் எழுத்து அதில் பாதிக்கும் குறைவு.

கைப்பேசியைப் படுக்கவைத்துப் பார்க்கலாமே என்று சிலர் கூறக்கூடும். அவ்வாறு செய்தால் படம் 12 சென்டிமீட்டர் அகலம் பெறும். எழுத்து 7 பாயிண்ட் அளவிற்கு உயரும். அதுவும் சிறிதே. மேலும், திரை தானாகத் திரும்பும் வசதியைப் பலர் நிறுத்தி வைத்திருக்கின்றனர். அவர்களுக்குக் கைப்பேசியைத் திருப்பினாலும் படம் திரும்பாது.

சதுரமாகவோ நெடுக்காகவோ மாற்றிவிட்டால் எழுத்து தானாகவே பெரிதாகிவிடும் என்று நாம் முதலில் எண்ணினோம். அது தவறு. நிமிர்ந்த திரையின் அகலம் எவ்வடிவத்திற்கும் ஒன்றுதான். அகன்ற ஸ்லைடு அத்திரையில் 3.8 சென்டிமீட்டர் உயரமே கொள்கிறது, சதுரம் 6.8 சென்டிமீட்டர் கொள்கிறது. 4-க்கு 5 என்னும் நெடுவடிவம் 8.5 சென்டிமீட்டர் கொள்கிறது. நமக்குக் கிடைப்பது கூடுதல் உயரமே தவிர, கூடுதல் அகலமன்று. தறியின் அகலம் நிலையானது, துணியின் நீளமோ வேண்டிய அளவு என்பதை நெசவாளர்க்குச் சொல்லவேண்டியதில்லை. இதுவும் அவ்வாறே. பக்கத்தில் பக்கத்தில் நின்றவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால்தான் எழுத்தைப் பெரிதாக்க இடம் பிறக்கும். இதனை மனத்திற்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

வடிவத்தைத் தேர்தல்

முதலில் தீர்மானிக்கவேண்டியது, படம் எங்கே பார்க்கப்படும் என்பது. கைப்பேசிக்கு மூன்று வடிவங்கள் பெரிதும் வழக்கத்தில் உள்ளன. சதுரம் 1080-க்கு 1080 பிக்சல். நெடுவடிவம் 1080-க்கு 1350 பிக்சல். முழுத்திரை வடிவம் 1080-க்கு 1920 பிக்சல்.

முழுத்திரை வடிவமே மிகப் பெரிதாயிற்றே, அதையே கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போன்ற இடங்களுக்கே பொருத்தமானது. அங்கும் மேற்புறத்தில் அனுப்பியவரின் பெயரும், கீழ்ப்புறத்தில் பதில் எழுதும் கட்டமும் படத்தின்மேல் படிகின்றன. குழுவில் அனுப்பினாலோ, மிக நீண்ட படத்தின் மேலும் கீழும் மறைக்கப்பட்டு நடுப்பகுதி மட்டுமே முதலில் தெரியும். விரலால் தொட்டுத் திறந்தால்தான் முழுமையும் தோன்றும். எல்லோரும் திறந்து பார்ப்பார்கள் என்று நாம் கொள்வதற்கில்லை.

சதுரம் எங்கும் வெட்டுப்படாமல் செல்லும். கைத்தறிச் சேலை ஒன்றின் படமும் இரண்டு வரிச் செய்தியுமே அனுப்புவதானால் அதுவே போதும். அட்டவணை, அறிவிப்பு, வழிமுறை ஆகியவற்றிற்கு 4-க்கு 5 என்னும் நெடுவடிவமே சிறந்தது என்று கண்டோம். சதுரத்தைக் காட்டிலும் கால் பங்கு உயரம் மிகுதி. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அது முழுமையாகவே தோன்றும். எங்கள் கூலி அட்டவணைக்கு அவ்வடிவத்தையே கொண்டோம்.

தாளின் அளவை மாற்றுதல்

மூல ஸ்லைடுகளைத் தொடாமல், முதலில் வேறொரு பெயரில் ஒரு படி எடுத்துக்கொள்ளவேண்டும். ஒரே கோப்பில் சில ஸ்லைடுகள் அகன்றும் சில நெடுக்காகவும் இருக்கப் பவர்பாயிண்ட் இடந்தராது. அளவை மாற்றினால் எல்லாமே மாறிவிடும். அடுத்த கூட்டத்திற்கு அகன்ற ஸ்லைடுகள் மீண்டும் தேவைப்படும் என்பதை மறத்தலாகாது.

பின்பு Design என்னும் பகுதியில் Slide Size, அதனுள் Custom Slide Size என்பதைத் திறந்து, அகலம் 11.25 அங்குலம், உயரம் 14.06 அங்குலம் என்று இடவேண்டும். பவர்பாயிண்ட் ஓர் அங்குலத்திற்கு 96 பிக்சல் என்னும் கணக்கில் படமாக்குகிறது, ஆகவே 11.25 அங்குலம் 1080 பிக்சலாக வெளிவரும். சதுரத்திற்கு இரு பக்கமும் 11.25 அங்குலம், முழுத்திரைக்கு உயரம் 20 அங்குலம். கூகிள் ஸ்லைட்ஸ் பயன்படுத்துவோர் File, Page setup, Custom என்னும் வழியில் சென்று, அளவைப் பிக்சலிலேயே இடலாம்.

அளவை இட்டதும் பவர்பாயிண்ட் ஒரு கேள்வி கேட்கும்: Maximize செய்யவா, Ensure Fit செய்யவா? முன்னதைத் தேர்ந்தால் எல்லாப் பொருள்களும் பெரிதாகவே நின்று, தாளின் விளிம்பிற்கு வெளியே பிதுங்கும். பிதுங்கிய பகுதி படத்தில் வாராது. நாங்கள் அன்று அவசரத்தில் தொட்டது அதைத்தான். புதிய கூலி மறைந்தது அதனால்தான். Ensure Fit என்பதைத் தேர்ந்தால் எல்லாம் சுருங்கித் தாளுக்குள் அடங்கும். மேலும் கீழும் வெற்றிடம் மிகுந்திருக்கும். அது பார்வைக்கு அழகன்று. ஆயினும் ஒன்றும் இழக்கப்படவில்லை. அங்கிருந்து வேலையைத் தொடங்குவதே பாதுகாப்பானது.

இவ்விடத்தில் சங்க முத்திரையையும் பின்னணிப் படத்தையும் உற்றுப் பார்க்கவேண்டும். அளவு மாறும்போது அவை சில வேளைகளில் இழுபட்டுப்போகின்றன. வட்ட முத்திரை முட்டை வடிவம் கொண்டால் அதுவே அடையாளம். இக்குறையை ஒவ்வொரு ஸ்லைடிலும் திருத்த முனைந்தால் பயனில்லை. View, Slide Master என்னும் இடத்திற்குச் சென்று, எல்லாவற்றிற்கும் அடிப்படையான தாளில் ஒருமுறை திருத்தினால் போதும்.

அட்டவணையைப் பிரித்து அடுக்குதல்

இனி நம் கூலி அட்டவணைக்கு வருவோம். ஆறு பத்திகள், ஐந்து துணி வகைகள். நெடுவடிவத் தாளில் ஆறு பத்திகளையும் அப்படியே நிறுத்தினால் எழுத்து மீண்டும் 4 பாயிண்ட்டிற்கே திரும்பிவிடும். 11.25 அங்குலத் தாள் கைப்பேசியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆகவே கண்ணுக்கு 9 பாயிண்ட் தெரியவேண்டுமானால் தாளில் 36 முதல் 40 பாயிண்ட் வரை இடவேண்டும். அந்த அளவில் தமிழ்ச் சொற்கள் ஒரு வரிக்கு மூன்றோ நான்கோதான் கொள்ளும்.

எனவே, படிப்பவர்க்கு எந்தப் பத்தி தேவை என்று கேட்டுக்கொண்டோம். வரிசை எண் கூட்டத்தில் பேசுவோர்க்கு வசதி. வீட்டில் படிப்போர்க்கு வேண்டியதில்லை. அதை நீக்கினோம். நூல் நம்பரையும் அளவையும் தனிப் பத்திகளாக வைக்காமல் துணியின் பெயரோடு சேர்த்தோம். நெசவாளர் தம் துணியை "80-ஆம் நம்பர் வேட்டி, நான்கு முழம்" என்றே சொல்லிப் பழகியவராதலால் இது அவர்க்கு இயல்பாக இருந்தது. எஞ்சியவை இரண்டு கூலிகள். அவற்றைப் பெயரின் கீழே ஒரே வரியில் வைத்து, புதிய கூலியைத் தடித்த எழுத்திலும், பழைய கூலியை அதன் பின்னே மெல்லிய எழுத்திலும் இட்டோம். விளக்கத்திற்காக ஒரு துணியை மட்டும் இங்கே தருகிறோம், தொகை எடுத்துக்காட்டே.

80-ஆம் நம்பர் வேட்டி, 4 முழம்
புதிய கூலி ரூ. 345 (முன்பு ரூ. 310)

இவ்வாறு ஒரு துணிக்கு இரண்டு வரி. தாளின் உயரம் சுமார் 1010 பாயிண்ட். தலைப்பிற்கு 140, தேதிக்கு 50, மேலும் கீழும் விளிம்புக்கு 120, அடியில் சங்கத்தின் பெயருக்கு 50 போக 650 மிஞ்சுகிறது. ஒரு துணிக்கு 116 பாயிண்ட் வேண்டியிருப்பதால் ஐந்து துணிகள் அடங்கி, இடையே சிறிது மூச்சுவிட இடமும் கிடைக்கிறது. ஆறாவது துணி ஒன்று இருந்திருந்தால், எழுத்தைச் சிறிதாக்கி அதைத் திணித்திருக்கக்கூடாது. இரண்டாம் படம் ஒன்று செய்வதே முறை. தமிழுக்கு வரி இடைவெளி ஆங்கிலத்தைக் காட்டிலும் சற்று மிகுதியாக வேண்டும்; மேல்வரியின் உகரக் கால்களும் கீழ்வரியின் இகரச் சுழிகளும் முட்டிக்கொண்டால் முதியோர் கண்ணுக்கு எழுத்து குழம்பிவிடும்.

கூட்டத்தில் அந்த ஒரு ஸ்லைடின் அடியில் மூன்று நிபந்தனைகளும் சிறிய எழுத்தில் இருந்தன. அவற்றை இரண்டாம் படமாக்கினோம். அகன்ற ஸ்லைடு ஒன்று இவ்வாறு இரண்டாகவோ மூன்றாகவோ பிரிவது குறையன்று. விரலால் தள்ளி அடுத்த படத்தைப் பார்ப்பதில் அங்கத்தினர்க்குச் சிரமமில்லை. விரல்களால் விரித்துப் பெரிதாக்கி, வரியைத் தேடித் தேடிப் படிப்பதில்தான் சிரமம்.

படங்களும் அம்புக்குறிகளும்

பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களுக்காகச் செய்த ஸ்லைடு ஒன்றில் இரண்டு புகைப்படங்கள் அருகருகே இருந்தன. இடப்புறம் நல்ல காய். வலப்புறம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு துளைத்த காய். இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது எளிது. அடுக்கிய பின்னும் அடியிலிருந்த வாசகம் "வலப்புறத்தில் உள்ளதுபோன்ற காய்களைப் பறித்து அழிக்கவும்" என்றே நின்றது! வலப்புறம் என்று ஒன்று இப்போது இல்லை. இடம், வலம் என்னும் சொற்களைத் தேடி மேல், கீழ் என்று மாற்றுவதும், வலப்புறம் காட்டிய அம்புக்குறியைக் கீழ்நோக்கித் திருப்புவதும் நினைவில் வைக்கவேண்டியவை. இயன்றவரை திசையைச் சொல்லாமல் பொருளையே சொல்வது நலம்; "துளையுள்ள காய்" என்றால் படம் எவ்வடிவம் கொண்டாலும் பொருள் மாறாது.

அகன்ற ஒரே புகைப்படத்தை நெடுவடிவத் தாள் முழுதும் நிரப்பவேண்டுமானால், அதன் அகலத்தில் பாதிக்கும் மேல் போய்விடும். 100-க்கு 45 பங்கே மிஞ்சும். ஒரு காய், ஒரு சேலையின் முந்தானை போன்ற படங்களில் வேண்டிய பகுதியை நடுவில் வைத்து மற்றதை வெட்டலாம். நிர்வாகக் குழுவினர் வரிசையாக நிற்கும் படத்தை அவ்வாறு வெட்டினால் இரு ஓரத்திலும் உள்ளவர்கள் காணாமற்போவார்கள். அத்தகைய படத்தைத் தாளின் அகலத்திற்கு முழுதாக வைத்து, எஞ்சிய இடத்தில் செய்தியை எழுதுவதே தக்கது.

மற்றொரு வகைப் பிழையும் நேரிடும். கூட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறையும்படி அமைத்த வாசகங்கள், படமாக மாற்றும்போது எல்லாம் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துவிடும். எழுத்தின்மேல் எழுத்து ஏறியிருந்தால் காரணம் இதுவே. அவற்றைத் தனித்தனி ஸ்லைடுகளாகப் பிரித்தால் குறை தீரும்.

அனுப்புமுன்

வேலை முடிந்ததும் கோப்பை அப்படியே அனுப்பலாகாது. நம் கணிப்பொறியில் உள்ள தமிழ் எழுத்துரு அங்கத்தினரின் கைப்பேசியில் இல்லையேல், வரிகள் இடம்மாறி எழுத்துகள் கட்டத்தைத் தாண்டும். File, Save As என்னும் வழியில் PNG என்னும் வகையைத் தேர்ந்து, All Slides என்று விடையளித்தால் ஒவ்வொரு ஸ்லைடும் தனிப்படமாக வரிசை எண்ணுடன் கிடைக்கும். வாட்ஸ்அப் படங்களை அனுப்பும்போது சுருக்குவதால் எழுத்தின் ஓரங்கள் மங்கும். அனுப்புமுன் HD என்னும் குறியைத் தொட்டால் மங்கல் குறையும். பல படங்களை ஒன்றாக அனுப்பினால் அவை சிறு சதுரங்களாகச் சேர்ந்து தோன்றும். ஆகவே "1/2", "2/2" என்று ஒவ்வொன்றின் மூலையிலும் எண் இடுவது அவசியம்.

பின்பு ஒரே சோதனை. படத்தை முதலில் நமக்கு நாமே அனுப்பிக்கொண்டு, ஐம்பது வயதைக் கடந்த ஒருவரிடம் வெளி வெளிச்சத்தில் கைப்பேசியைக் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லவேண்டும். அவர் இரு விரல்களால் படத்தை விரிக்க முற்பட்டாலோ, கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோனாலோ, எழுத்து போதவில்லை என்பது உறுதி. நாங்கள் இச்சோதனையை அந்த முதிய நெசவாளரிடமே செய்தோம். திருத்திய படத்தை அவர் தயக்கமின்றிப் படித்தார். ஐந்து துணிகளின் கூலியையும் சொல்லிவிட்டு, "இது எந்தத் தேதியிலிருந்து?" என்று கேட்டார்.

அது தலைப்பிற்குக் கீழே இருக்கவேண்டியது; எங்கள் கணக்கில் 50 பாயிண்ட் அதற்காகவே ஒதுக்கியிருந்தோம். கூட்டத்தில் தலைவர் தேதியை வாயால் சொன்னதால் மூல ஸ்லைடில் அது எழுதப்படவே இல்லை. படியெடுத்த எங்களுக்கும் அது விட்டுப்போயிற்று. மண்டபத்தில் ஸ்லைடுக்குத் துணையாக ஒருவர் பேசுகிறார். கைப்பேசியில் பேசுவோர் எவருமில்லை. மேலும், ஒருமுறை அனுப்பிய படம் குழுவிலிருந்து குழுவிற்குக் கைமாறி, அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் சுற்றிக்கொண்டேயிருக்கும். அப்போது கூலி மீண்டும் மாறியிருக்கும். தேதியும் சங்கத்தின் பெயரும் இல்லாத படம், இன்று உண்மையைச் சொல்லி நாளை பொய்யைச் சொல்லும். ஆகவே இரண்டு படங்களிலும் ஆண்டுடன் தேதியையும் சங்கத்தின் பெயரையும் 36 பாயிண்ட்டில் எழுதி, முதல் படத்தை நீக்கிவிட்டோம் என்ற குறிப்புடன் குழுவிற்கு அனுப்பினோம்.